முகம் காட்டாத போட்டோவுக்கு கேப்ஷன்: முதுகைப் பத்தி எழுதாதீங்க

முகத்தைக் காட்டாம, திரும்பி நின்னபடியோ வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு உருவமாகவோ ஒரு போட்டோ. கீழே கேப்ஷன்: ‘முகம் எதுக்கு, மனசு போதும்’. இல்லைன்னா, ‘என்னைத் தேடாதே, நான் என்னையே தேடிட்டு இருக்கேன்’. இதுல எனக்குப் பிடிக்காதது ஒண்ணுதான். யாருமே கேட்காத கேள்விக்கு இந்த கேப்ஷன்கள் பதில் சொல்லுது. முகம் காட்ட வேண்டாம்னு முடிவெடுத்தவங்க அதுக்கு ஏன் விளக்கம் கொடுக்கணும்?

ஒருத்தர் முதுகைக் காட்டி நிக்கிற படத்தைப் பார்த்தா, நம்ம கண்ணு அவர் மேல ரொம்ப நேரம் நிக்காது. அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே போயிடும். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிச் 1818 வாக்கில் வரைஞ்ச, மூடுபனிக்கு மேல பாறையில் நிக்கிற மனிதனின் ஓவியம் இதுக்குப் பிரபலமான உதாரணம். அந்த ஆளோட முகம் எப்படி இருக்கும்னு நாம யோசிக்கிறதில்லை, அவரோட சேர்ந்து பனியைத்தான் பார்க்கிறோம். அதனால இந்த மாதிரி படத்துக்கு கேப்ஷன் எழுத வேண்டிய விஷயம் முன்னால இருக்கிற காட்சிதான்.

சத்தியமங்கலத்தையே எடுத்துக்குவோம். பவானி ஆத்தங்கரை, சாயங்காலம். மேற்கே, பவானிசாகர் அணை இருக்கிற திசையில், சூரியன் இறங்குது. ஒரு பொண்ணு அந்தப் பக்கம் பார்த்து நிக்கிறா. போன்ல வானத்தைத் தொட்டு ஃபோகஸ் வெச்சு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சா ஆள் முழுக்க கறுப்பாயிடும். HDR ஆன்ல இருந்தா அது நிழலுக்குள்ள இருக்கிற முகத்தையும் சட்டையையும் வெளிச்சமாக்கிடும், ஆஃப் பண்ணிடுங்க. இன்னொரு விஷயம், கண்ணுக்குக் கறுப்பா தெரியுற படத்திலும் விவரம் ஒளிஞ்சிருக்கலாம். போடுறதுக்கு முன்னாடி எடிட்டர்ல Shadows-ஐ முழுசா ஏத்திப் பாருங்க. முகம் தெரிஞ்சா, அடுத்தவங்களுக்கும் தெரியும்.

அந்தப் படத்துக்கு முதல்ல மனசுல வர்றது இப்படி இருக்கும்: ‘வழக்கம்போல ஞாயிறு சாயங்காலம், நம்ம படித்துறை, காலேஜ் ஹாஸ்டல் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்’. அழகாத்தான் இருக்கு. ஆனா கிழமை, நேரம், இடம், படிக்கிறவங்கங்கிறது, தவறாம வர்றாங்கங்கிறது எல்லாம் வெளியே வந்துடுச்சு. சென்னையில இது கூட்டத்துல கரைஞ்சு போகும். சத்தி மாதிரி ஊர்ல டீக்கடையில ரெண்டு பேர் பேசினாலே ஆள் யாருன்னு முடிவாயிடும். முகத்தை மறைச்ச வேலையை கேப்ஷன் கெடுத்துடுது.

இப்போ அவ என்ன பார்க்கிறாளோ அதை எழுதிப் பார்ப்போம்: ‘மேல அணையில தண்ணி திறந்துட்டாங்க போல. நேத்து உட்கார்ந்த கல்லு இன்னைக்குத் தண்ணிக்குள்ள.’ இதுல ஆறு இருக்கு, ஒரு சின்ன நிகழ்ச்சி இருக்கு, அவளோட பார்வையும் இருக்கு. முகம் இல்லைங்கிற பேச்சே வரலை. ‘நேத்து’, ‘இன்னைக்கு’ மட்டும் உறுத்துது, தினமும் வர்றவங்கன்னு அது காட்டிக் கொடுக்கும். ‘போன தடவை உட்கார்ந்த கல்லு இப்போ தண்ணிக்குள்ள’ன்னு மாத்திட்டு, நாலு நாள் கழிச்சுப் போட்டா போதும். லொகேஷன் டேக் வேண்டாம். (‘அணையில 97 அடி’ன்னு எழுத ஆசையா இருக்கும். நீர்மட்டம் தினமும் செய்தியில வருது, அதை வெச்சே எந்த நாள்னு பிடிச்சுடலாம்!)

திம்பம் மலைப்பாதை படங்கள்லயும் இதே சிக்கல் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போர்டு இருக்கு. கேப்ஷன்ல இடம் சொல்லாம, ஓரத்துல வளைவு நம்பரோ வண்டி நம்பரோ தெரிஞ்சா என்ன பிரயோஜனம்?

இவ்வளவும் பார்த்துப் பார்த்துப் பண்ணின பிறகு, பெரிய ஓட்டை கமென்ட்லதான் இருக்கும். ‘ஏய், நம்ம ஈசிஇ புள்ளதானே!’ன்னு ஒரு ஃபிரெண்டு பேரோட எழுதிட்டுப் போயிடுவாங்க. பாசத்துல சொல்றதுதான், கோபப்படவும் முடியாது. இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸ்ல Hidden Words பகுதியில நீங்களே சொற்களைச் சேர்க்கலாம். உங்க பேரு, வீட்டுல கூப்பிடுற பேரு, காலேஜ் பேரு மூணையும் தமிழ், இங்கிலீஷ் ரெண்டு எழுத்துலயும் போட்டு வெச்சா, அந்தச் சொல் இருக்கிற கமென்ட் மறைஞ்சிடும். எழுத்தை மாத்திப் போட்டா தப்பிச்சிடும், அதனால முதல் ஒரு மணி நேரம் கமென்ட்டை ஒரு பார்வை பார்த்துக்கணும். Tags and mentions-ல டேக்கை நீங்க அனுமதிச்சாதான் காட்டணும்னும் மாத்தி வைங்க.

யாராவது ‘முகம் காட்டுங்களேன்’னு கேட்டா? ‘தண்ணி இப்போ வடிஞ்சிடுச்சுங்க’ன்னு ஆத்தைப் பத்தியே பதில் போடுங்க.