மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டினால்: வரியைப் பிடித்துச் செலுத்துவது குடியிருப்பவரின் கடமை

வாடகை வருமானத்துக்கு வரி செலுத்த வேண்டியவர் வீட்டு உரிமையாளர். ஆனால் மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டினால், அதில் ஒரு பகுதியைப் பிடித்து அரசிடம் சேர்க்கும் பொறுப்பு குடியிருப்பவரைச் சேர்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-ஐபி பிரிவு இதை வரையறுக்கிறது. கணக்குத் தணிக்கைக்கு உட்படாத மாத ஊதியதாரர்களுக்கும் இது பொருந்தும். 5 சதவீதமாக இருந்த வரி விகிதம், 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இந்த வரியை மாதந்தோறும் பிடிக்க வேண்டியதில்லை. நிதியாண்டின் இறுதி மாதமான மார்ச்சில், அவ்வாண்டின் மொத்த வாடகைக்கும் சேர்த்து ஒரே முறை பிடித்தால் போதும். இடையில் வீட்டைக் காலி செய்பவர், கடைசி மாத வாடகையில் பிடிக்க வேண்டும். தவறு பெரும்பாலும் நேர்வது இங்குதான்.

எடுத்துக்காட்டாக, பெங்களூரில் மாதம் ரூ.60,000 வாடகையில் 2025 ஏப்ரல் முதல் வசித்த ஒருவர், நவம்பர் இறுதியில் காலி செய்வதாகக் கொள்வோம். எட்டு மாத வாடகை ரூ.4,80,000, அதில் 2 சதவீதம் ரூ.9,600. நவம்பர் வாடகையில் இத்தொகையைக் கழித்து, உரிமையாளருக்கு ரூ.50,400 தர வேண்டும். கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்வது பலரது வழக்கம். அப்போது கையிலிருந்து வாடகை கொடுக்கப்படுவதில்லை என்பதால் வரியும் மறந்துபோகிறது. ஆனால் கடமை நீங்குவதில்லை. முன்பணக் கணக்கை முடிக்கும்போதே ரூ.9,600-ஐ ஒதுக்கிவைப்பது அவசியம்.

பிடித்த வரியை, அந்த மாதம் முடிந்த 30 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். மேற்கண்ட நிகழ்வில் கடைசி நாள் டிசம்பர் 30. இதற்கு டான் எண் தேவையில்லை. இரு தரப்பினரின் பான் எண்களே போதும். வருமான வரித் துறை இணையதளத்தில் e-Pay Tax பகுதிக்குச் சென்று, 26QC படிவத்தைத் தேர்ந்தெடுத்து விவரங்களைப் பதிந்து பணம் கட்டலாம். பின்னர் டிரேசஸ் தளத்திலிருந்து 16C சான்றிதழைப் பதிவிறக்கி, அடுத்த 15 நாள்களுக்குள் உரிமையாளரிடம் அளிக்க வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் தொகை அவர் கணக்கில் சேராது. அவரது 26ஏஎஸ் அறிக்கையில் வரவு தெரிகிறதா என்று கேட்டறிவதே சரிபார்க்கும் வழி.

படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம், வரித் தொகையின் அளவு வரை விதிக்கப்படும். ரூ.9,600 வரிக்கு 48 நாள்களிலேயே கட்டணம் அந்த உச்சத்தை எட்டிவிடும். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டியும் சேரும்.

உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்தச் சலுகைகள் பொருந்தாது. அவருக்கான விதி 195-ஆவது பிரிவு. அதில் ரூ.50,000 வரம்பு இல்லை, விகிதமும் அதிகம், டான் எண்ணும் பெற வேண்டும். ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உரிமையாளரின் பான் எண்ணுடன், அவர் எங்கு வசிக்கிறார் என்பதையும் எழுத்துபூர்வமாகப் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகான வாடகைக்குப் பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் இணையதளத்தில் உறுதிசெய்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.