பரிதாபம் விற்பனைக்கு - ஏழாம் உலகம் பற்றி

ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே வசனம்தான் காதில் விழுகிறது: "படிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கலை சார், அவ்வளவு பாவமா இருந்துச்சு." இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, ஊனமுற்றவர்களைப் பற்றிய ஒரு நாவலுக்கு இதைவிட மோசமான சர்டிபிகேட் கிடையாது. அழுகை வந்தது என்பது நம்மைப் பற்றிய தகவல். அந்த மனிதர்களை நாவல் நேர்மையாகக் காட்டியதா என்பது வேறு கேள்வி.

கதை தெரியாதவர்களுக்கு: போத்திவேலுப் பண்டாரம் ஊனமுற்றவர்களை வைத்துப் பிச்சை எடுக்கும் தொழில் நடத்துகிறார். அவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'உருப்படி'. வாங்கலாம், விற்கலாம். பழனிக்குக் கொண்டுபோய் உட்கார வைக்கலாம். முத்தம்மைக்குப் பிறக்கும் குழந்தைகளும் அவர் கணக்கில் புதுச் சரக்கு. பி.காம் படிக்கிறவனுக்கு இது சட்டென்று விளங்கும். மனிதர்கள் இங்கே கையிருப்பு, விற்கப்படும் பொருள் பரிதாபம், வாங்குபவர் பக்தர்.

இந்த இடத்தில்தான் நாவல் நம்மை மாட்டிவிடுகிறது. பழனி எங்கள் மாவட்டம்தான். தைப்பூசத்துக்கு நத்தம் ரோட்டில் எங்கள் சாணார்பட்டி வழியாகத்தான் பாதயாத்திரைக் கூட்டம் போகும். அடிவாரத்தில் முகத்தைப் பார்க்காமல் காசு போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்ந்தது என்று நகர்கிறவர்தான் பண்டாரத்தின் வாடிக்கையாளர். புத்தகத்தைப் படித்துப் 'ஐயோ பாவம்' மட்டும் சொல்லிவிட்டு மூடுகிற வாசகருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

சரி, நேர்மையை எப்படிச் சோதிப்பது? நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்தப் பாத்திரத்துக்கு ஊனத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆசை இருக்கிறதா? குய்யனுக்கு இருக்கிறது: முதலாளி மகள் கல்யாணத்தில் விருந்து சாப்பிட வேண்டும். யாருக்கும் வரக்கூடிய ஆசைதானே! இரண்டு, சிரிப்பு யார் கையில் இருக்கிறது? ஆகஸ்ட் புயல் மாதிரி ஒன்றும் அடிக்காமல் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் (நிபுன் மல்ஹோத்ரா வழக்கு) ஊனத்தை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும், ஊனத்தைப் பற்றிய நம் எண்ணத்தையே கேள்வி கேட்கும் நகைச்சுவையையும் பிரித்துச் சொன்னது. ஏழாம் உலகத்தில் உருப்படிகள்தான் கிண்டலடிக்கிறார்கள். அடி வாங்குவது சாமியும் முதலாளியும் பக்தரும். இரண்டு சோதனையிலும் நாவல் பாஸ்.

மூன்றாவது சோதனை: முடிவில் அந்த மனிதரை என்ன செய்கிறார்கள்? இந்த நாவலைத் தழுவிய பாலாவின் 'நான் கடவுள்' (2009) இங்கேதான் விழுகிறது. வசனம் ஜெயமோகனே எழுதியதுதான். பார்வையற்ற பாடகி அம்சவல்லி கடைசியில் கெஞ்சுகிறாள். ருத்ரன் அவளைக் கொன்று 'விடுதலை' தருகிறான். ஊனமான வாழ்க்கைக்குச் சாவே மேல் என்பதற்கு இதைவிட அழகான சப்பைக்கட்டு வேண்டுமா? 2016-ல் 'மீ பிஃபோர் யூ' படம் வந்தபோது, சக்கர நாற்காலியில் இருக்கும் நாயகன் சாவைத் தேர்ந்தெடுப்பதை எதிர்த்து ஊனமுற்றோர் போராடினார்கள். நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

(முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) நாவல் முத்தம்மையைக் கொல்லவில்லை. அடுத்த குழந்தைக்காகப் பண்டாரம் அவளோடு சேர்க்கும் ஆள், எப்போதோ அவளிடமிருந்து பிரிக்கப்பட்ட அவள் மகன். அவள் அலறுகிறாள். பண்டாரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளியின் கணக்கில் இல்லாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் அவள் உருப்படி இல்லை, தாய்.

குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. நாம் அதிக நேரம் நடப்பது பண்டாரத்தோடுதான். பெண்களைக் கட்டிக்கொடுக்க அவர் படும் பாடு நமக்கு அத்துப்படி. அதனால் பல வாசகர்களின் அனுதாபம் பாசமுள்ள அந்த அப்பாவிடம் போய்விடுகிறது. அவர் கொடூரர் மட்டுமல்ல என்று காட்ட அது தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குய்யனுக்கோ முத்தம்மைக்கோ அந்த அளவு பக்கங்கள் கொடுத்திருந்தால் கதாநாயகர் யார் என்ற கேள்வியே வந்திருக்காது.

எனவே அடுத்த முறை யாராவது "ரெண்டு நாள் தூங்கலை" என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: குய்யனுக்கு என்ன வேண்டும் என்று ஞாபகம் இருக்கிறதா? பதில் வரவில்லை என்றால் அவர் நாவலைப் படிக்கவில்லை, காசு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.