விடுப்புக்கு மன்னிப்பு எதற்கு?

மகப்பேறு விடுப்பில் செல்லும் ஆய்வு மாணவியரின் தானியங்கி மறுமொழிகள் பலவும் ‘இடையிடையே மின்னஞ்சல் பார்ப்பேன், தாமதத்திற்கு மன்னிக்கவும்’ என்றே முடிகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள்கள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு இடமளிக்கின்றன. அவ்வுரிமையை நாமே ஏன் சலுகையாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும்?

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஜிமெயில் செயலியில் Settings சென்று, கணக்கைத் தேர்ந்து, Vacation responder பகுதியைத் திறந்தால் தொடக்க நாளையும் இறுதி நாளையும் குறிக்கலாம். 2026 மார்ச் 2 அன்று தொடங்கும் 240 நாள் விடுப்பு அக்டோபர் 27 அன்று முடியும். இறுதி நாளை விட்டுவிட்டால், பணிக்குத் திரும்பிய பின்னும் மறுமொழி போய்க்கொண்டேயிருக்கும். Send only to my contacts என்பதைத் தேர்ந்தாலோ, முதன்முறையாக எழுதும் ஆய்விதழ்ப் பதிப்பாசிரியருக்கு ஒன்றும் போகாது. செய்தி சேரவேண்டியவர்களுள் அவரும் ஒருவர்.

ஒருவரே நாள்தோறும் எழுதினாலும், நான்கு நாள்கள் கழிந்த பின்னரே அவருக்கு மறுமுறை மறுமொழி செல்லும். ஆகவே முதல் மடலே முழுமையாக இருக்கட்டும்: ‘அக்டோபர் 27 வரை விடுப்பில் உள்ளேன். அதுவரை மின்னஞ்சல் பார்க்கமாட்டேன். ஆய்வகத் தரவுகளுக்கு இன்னாரை அணுகுக.’ அந்த இன்னார் யாரென விடுப்புக்கு முன்பே எழுத்தில் தரவேண்டியவர் நெறியாளர். அந்தப் பெயரையும் மாணவியே கெஞ்சிப் பெறட்டும் என்றிருக்கும் துறைகளே மன்னிப்புக் கேட்கவேண்டியவை.