18 பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். உங்களில் பலர் சொந்தமாகச் சிறு நிறுவனம் நடத்துகிறீர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

திருப்பூரில் என் தங்கை மகன் பனியன் லேபிள் அச்சடிக்கும் தொழில் செய்வது உறவினர்களுக்குத் தெரியும். 18 பேர் வேலை பார்க்கிறார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து வாரம் இரண்டு நாள் அங்கே போய்க் கணக்கையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே டிசைன் போட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பி வேலையை விட்டு, அடுத்த தெருவில் இதே தொழில் செய்யும் இடத்தில் சேர்ந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து எங்கள் வாசல் டீக்கடையில் பார்த்தேன். "சார், ஒண்ணு சொல்லணும். இங்க வந்து நின்னா என் போன் இன்னும் உங்க வைஃபைல தானா சேர்ந்துக்குது" என்றார். நல்ல பிள்ளை, அவராகவே சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு டீ இறங்கவில்லை. வைஃபைக்குள் வந்தவர் யாரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில்தான் எங்கள் விலைப்பட்டியல் மொத்தமும் இருந்தது.

"பாஸ்வேர்டை மாத்திடலாம் மாமா" என்றான் தங்கை மகன். மாற்றினால் எல்லாருடைய போன், கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று ஒவ்வொன்றிலும் மறுபடி அடிக்க வேண்டும். நான்கு வருடத்தில் ஏழு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஒரு தடவைகூட மாற்றவில்லை. என் கருத்து இதுதான்: பொதுப் பாஸ்வேர்டின் குறை, அதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதல்ல. ஒருவரிடம் மட்டும் அதைத் திரும்ப வாங்க முடியாது என்பதுதான். ஆட்கள் வந்து போகிற இடத்தில், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற முறைக்கு மாறியே ஆக வேண்டும்.

இதற்கு 802.1எக்ஸ் என்று ஒரு தர முறை 2001-லேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், அவருக்கு யாரையும் தெரியாது. பெயர்ப் பதிவேடு ஆபீஸ் அறையில் இருக்கிறது. வருகிறவரை நிறுத்திவைத்து, அவர் சொன்னதை ஆபீஸுக்கு அனுப்பி, "விடலாம்" என்று பதில் வந்த பிறகே கதவைத் திறக்கிறார். வைஃபை பெட்டிதான் வாட்ச்மேன். பதிவேடு வைத்திருக்கும் கம்ப்யூட்டர்தான் ரேடியஸ் சர்வர். பதில் வரும்வரை உங்கள் போனுக்கு அடையாளம் சொல்ல ஒரு சின்ன ஜன்னல் மட்டுமே திறந்திருக்கும். வேறு எதுவும் உள்ளே போகாது.

நாங்கள் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீரேடியஸ் மென்பொருளை ஏற்றினோம். வைஃபை பெட்டியின் பக்கத்தில் `WPA2-Personal` என்றிருந்ததை `WPA2-Enterprise` என்று மாற்றி, சர்வரின் முகவரியையும் 1812 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தோம். வாங்கும் முன் பெட்டியில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோகப் பெட்டிகள் பலவற்றில் இருக்காது. பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரி:

```
dtp2   Cleartext-Password := "Mazhai-Kudai-47"
```

அவர் வேலையை விட்டால் வரியின் முன்னால் `#` போட்டு, சர்வரை ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் போதும். மற்ற 17 பேருக்கு எதுவும் மாறாது. ஆனால் ஒன்று: அந்த நேரத்தில் இணைப்பில் இருக்கும் போன் உடனே அறுந்துவிடாது. அடுத்த முறை வாசலுக்கு வரும்போதுதான் மறுக்கப்படும். அதனால் வைஃபை பெட்டியின் பக்கத்துக்குப் போய் அந்தப் போனைக் கையால் துண்டித்துவிடுங்கள். இன்னொன்று: பாஸ்வேர்டு இந்தக் கோப்பில் அப்படியே எழுத்தாக இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிய அறையில் வையுங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வாட்ச்மேன் நம்மை விசாரிக்கிறார், சரி. அவர் நம் வாட்ச்மேன்தான் என்று யார் பார்ப்பது? எவரும் ஒரு பெட்டியை வாங்கி, எங்கள் வைஃபை பெயரையே அதற்கு வைத்து, டீக்கடையில் உட்காரலாம். விசாரிக்காத போன் அங்கே போய்த் தன் பாஸ்வேர்டுக்கான விடையைக் கொடுத்துவிடும். அந்த விடையிலிருந்து பாஸ்வேர்டைத் தோண்டி எடுக்க வழி இருக்கிறது. இதைத் தடுப்பதற்குத்தான் சர்வருக்குச் சான்றிதழ். போனில் `CA certificate` என்ற இடத்தில் எங்கள் சான்றிதழையும், `Domain` என்ற இடத்தில் சர்வரின் பெயரையும் கொடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு பையன் அவசரத்தில் எல்லாருக்கும் `Do not validate` என்று போட்டுக்கொடுத்துவிட்டான். உடனே இணைந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் 18 போனையும் வாங்கி நானே திருத்தினேன். இதைச் செய்யாவிட்டால் இந்த முறைக்கு மாறியதில் பாதிப் பயன் போய்விடும்.

அந்தச் சான்றிதழே என்னையும் ஒரு நாள் தலைகுனிய வைத்தது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை ஒருவருக்கும் வைஃபை இல்லை. சர்வர் ஓடுகிறது, பாஸ்வேர்டு சரி, வைஃபை பெட்டியும் சரி. ஒருவருக்கு மட்டும் போனால் பாஸ்வேர்டைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனால் சர்வரையோ சான்றிதழையோ பார்க்க வேண்டும். இந்தக் கட்டளையை அடித்தேன்:

```
openssl x509 -enddate -noout -in server.pem
```

ஞாயிற்றுக்கிழமையோடு காலாவதி. ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரிக் கோப்பில் `default_days = 60` என்று இருக்கிறது. அதைப் பார்க்காமலே சான்றிதழ் செய்திருந்தேன். கேள்வித்தாளை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இப்போது காலாவதித் தேதியை ஆபீஸ் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறோம்.

எல்லாப் பொருளும் இந்த முறைக்கு வராது. எங்கள் லேபிள் பிரிண்டருக்கும் கேமரா பெட்டிக்கும் பெயர் சொல்லி நுழையத் தெரியாது. அவற்றுக்குப் பழைய மாதிரியே தனி வைஃபை. அதன் பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், அங்கிருந்து ஃபோல்டரை எட்டவும் முடியாது. சுவரில் இருக்கும் கேபிள் சாக்கெட்டுகளும் வாசல்தான். அவற்றையும் இதே முறையில் காக்கலாம், ஆனால் எங்கள் சுவிட்ச் சாதாரணமானது, அதற்கு அந்த வசதி இல்லை. யாரும் பயன்படுத்தாத நான்கு கேபிள்களை சுவிட்சிலிருந்து பிடுங்கிவிட்டேன். இப்போதைக்கு அதுவே போதும்.

"18 பேருக்கு இவ்வளவு தேவையா மாமா?" என்று அவன் முதலில் கேட்டான். நியாயமான கேள்வி. அப்பா, மகன், மருமகள் என்று மூன்று பேர் நடத்தும் கடைக்கு இது தேவையில்லை. எழுதி ஒட்டாத ஒரு நல்ல பாஸ்வேர்டு போதும். ஆனால் வருடத்துக்கு ஒருவராவது வேலையை விடுகிற இடம் என்றால், எத்தனை பழைய ஆட்களின் போனில் உங்கள் சாவி இருக்கிறது என்று ஒரு தாளில் பெயர் எழுதிப் பாருங்கள். நான் எழுதிய தாளில் ஏழு பெயர் வந்தது.

அந்த டிசைன் தம்பியைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். "இப்ப சேர மாட்டேங்குது சார்" என்று சிரித்தார். அன்று டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.