இடைவழி நேரமும் வேலை நேரமே

தெலங்கானாவில் ஒரு தூய்மைப் பணியாளர் காலை 7 முதல் 9 வரை சனத்நகரிலும், 9.45 முதல் 11.45 வரை அமீர்பேட்டிலும், 12.30 முதல் 2.30 வரை கூகட்பள்ளியிலும் வேலை செய்கிறார் என்று கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் என்றால் ஆறு மணி நேரத்துக்கு 360 ரூபாய் கிடைக்கும். ஒப்பந்ததாரர் அனுப்பியதால் பேருந்தில் கழிந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. அதையும் சேர்த்தால் உண்மைக் கூலி மணிக்கு 48 ரூபாய்தான்.

வீட்டிலிருந்து பணியிடம் செல்லும் வழியில் நேரும் விபத்தைப் பணிக்கால விபத்தாக ஏற்க, ஈ.எஸ்.ஐ. சட்டம் 2010-லேயே திருத்தப்பட்டது. விபத்துக்கு வழியை ஏற்கும் நாம், கூலிக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

பிரிட்டனின் 2015 குறைந்தபட்சக் கூலி விதிகள் தெளிவானவை: வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான பயணம் சேராது, ஒரு பணியிடத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் நேரம் சேரும். வழியில் சொந்த வேலைக்கோ உணவுக்கோ நின்ற நேரத்தைக் கழித்துவிடலாம்.

கணக்கிடுவதும் எளிது. ஒவ்வோர் இடத்திலும் வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் பதிவேட்டில் குறித்தால் போதும். தளத்தில் இருந்த நேரத்தை மட்டும் காட்டும் பதிவேடு இந்த இழப்பை மறைத்துவிடும். இடைவழி நேரத்துக்கும் கூலி என்ற விதியைத் தெலங்கானா தொழிலாளர் துறை ஒப்பந்ததாரர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.