ஓர் அறிக்கை எழுப்பும் கேள்வியும் அது தராத விடையும்

ஒரு மருந்தால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது என்றோ, ஒரு சிகிச்சையால் ஒருவர் முற்றிலும் குணமடைந்தார் என்றோ கூறும் செய்திகளை நோயாளிகளும் உறவினரும் எங்களிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அவற்றுள் சில, மருத்துவ இதழ்களில் வெளியான மெய்யான அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே நோயாளியைப் பற்றி எழுதப்படுவது தனிநோயாளர் அறிக்கை. ஒத்த நிலையிலுள்ள சிலரைச் சேர்த்து எழுதப்படுவது நோயாளர் தொகுப்பறிக்கை. இவற்றைப் புறக்கணித்தலும் தவறு. இவற்றை மட்டுமே நம்பி முடிவெடுத்தலும் தவறு என்பது எங்கள் கருத்து. லான்செட் என்னும் ஒரே மருத்துவ இதழில் வெளியான இரண்டு எழுத்துகள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது ஒரு சிறு கடிதம். ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு எழுதிய அது, 1961 டிசம்பர் 16 அன்று வெளியாயிற்று. தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்ட பெண்களுக்குக் கடுமையான உறுப்புக் குறைபாடுகளுடன் குழந்தைகள் பிறப்பதைத் தாம் கண்டதாகக் கூறி, பிறரும் இதனைக் கண்டனரா என்று அவர் வினவினார். அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் இதே ஐயத்தை எழுப்பியிருந்தார். நவம்பர் இறுதியில் அங்கே அம்மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

சிலரைப் பற்றிய குறிப்பு அங்கு எவ்வாறு பயன்பட்டது? கை கால்கள் வளராமல் பிறப்பது மிக மிக அரிது. அத்தகைய ஒன்று அடுத்தடுத்து நிகழும்போது அதனைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. எனினும் கடிதம் எழுப்பியது கேள்வியே. வெவ்வேறு ஊர்களின் மருத்துவர்களும் அதையே கண்டதும், மருந்தை விலக்கிய சில மாதங்களுக்குப்பின் இத்தகைய பிறப்புகள் சட்டெனக் குறைந்ததும்தான் விடையை உறுதி செய்தன.

இரண்டாவது, 1998-ல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் எழுதிய தொகுப்பறிக்கை. அதில் இடம்பெற்ற குழந்தைகள் 12 பேர். அவர்களுள் எட்டுப் பேரின் நடத்தை மாற்றங்கள், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியை அடுத்துத் தோன்றின என்று பெற்றோரோ மருத்துவரோ கருதியதாக அது கூறியது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் கண்ணில் படுவது இரண்டாம் வயதில். அத்தடுப்பூசியின் முதல் தவணை போடப்படுவதும் ஏறத்தாழ அதே பருவத்தில். ஆகவே தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பே இல்லாவிடினும், பல குழந்தைகளிடம் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக அமைந்தே தீரும். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத குழந்தைகளிடம் ஆட்டிசம் எவ்வளவு என்று ஒப்பிட்டால் மட்டுமே உண்மை புலப்படும். அந்த ஒப்பீடு அவ்வறிக்கையில் இல்லை.

டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைக் கொண்டு அவ்வொப்பீட்டைச் செய்து 2002-ல் வெளியிட்டனர். தடுப்பூசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை பற்றி 1998 கட்டுரை கூறியது பொய் என்பதும் பின்னர் வெளிப்பட, 2010-ல் லான்செட் அதனைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பிரிட்டனில் தடுப்பூசி போடுவோர் குறைந்து, தட்டம்மை மீண்டும் பரவியிருந்தது. அக்கட்டுரை நேர்மையாகவே எழுதப்பட்டிருந்தாலும், ஒப்பீடற்ற 12 குழந்தைகளைக் கொண்டு அத்தகைய முடிவுக்கு வர இயலாது என்பதை நாம் மறத்தலாகாது.

குணமடைந்த செய்திகளுக்கும் இதுவே பொருந்தும். அதே சிகிச்சை பெற்றுப் பயனடையாத பத்துப் பேரைப் பற்றி எவரும் அறிக்கை எழுதுவது அரிது. தானாகவே தணியும் நோயும், ஏறி இறங்கும் நோயும், மருந்தால் குணமானதுபோல் தோன்றலாம். எனவே ஒரு செய்தியைக் காணும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்து எத்தனை பேர் குணமாயினர், கொடுக்கப்படாதவர்கள் என்ன ஆயினர் என்ற இரண்டையும் கேட்க வேண்டுகிறோம். விடை இல்லையெனில், அச்செய்தியை மருத்துவரிடம் காட்டுங்கள். நடைபெறும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

அதேபோல், புதிய மருந்து தொடங்கியபின் வழக்கத்திற்கு மாறான எதையேனும் கண்டால், அற்பம் என்று கருதி மறைக்க வேண்டா. மருந்தின் பெயர், தொடங்கிய நாள், அறிகுறி தோன்றிய நாள், மருந்தை நிறுத்தியபின் அது தணிந்ததா என்ற நான்கையும் குறித்துவந்து கூறுங்கள். நாங்கள் அதனை அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்குத் தெரிவிப்போம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கவும் வழியுண்டு. உங்கள் ஒருவரின் குறிப்பு எதையும் மெய்ப்பித்துவிடாது. ஆயினும் வேறோர் ஊரில் மற்றொருவர் தெரிவித்த அதே குறிப்போடு அது சேரும்போதுதான், ஆராய வேண்டிய கேள்வி ஒன்று இருப்பது மருத்துவ உலகிற்குத் தெரியவரும்.