கல்ச்சர் அறிக்கையில் எழுத்து மட்டும் போதாது

ரத்தக் கல்ச்சரில் டைபாய்டு உறுதியான நோயாளிக்கு ஆய்வகம் ஒரு தாளைத் தருகிறது. இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ‘எஸ்’, ‘ஐ’, ‘ஆர்’ என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் வழக்கமான அளவு மருந்துக்கே கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. ஐ இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆனால் இந்த எழுத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. அளக்கப்படுவது ஓர் எண். அதற்குக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்று பெயர்; மருத்துவமனைகளில் எம்.ஐ.சி. என்பார்கள். எழுத்து என்பது அந்த எண்ணின் மேல் ஒரு குழு வகுத்த விதியைப் பொருத்திக் கிடைப்பது. ரத்தத் தொற்று போன்ற கடுமையான நோய்களிலாவது அந்த எண்ணும், எந்த ஆண்டு விதிப்படி அது எழுத்தானது என்பதும் அறிக்கையில் அச்சாக வேண்டும் என்று இத்தலையங்கம் கோருகிறது.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒரு வரிசையில் மருந்தின் அளவு ஒவ்வொரு குழிக்கும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும்: மில்லிலிட்டருக்கு 0.03 மைக்ரோகிராம், அடுத்து 0.06, 0.12, 0.25, 0.5, 1 என்று. நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை உப்புநீரில் குறித்த கலங்கல் வரும்வரை கலக்குகிறார்கள். அந்தக் கலங்கலில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி கிருமிகள் இருக்கும். அதை நீர்த்து, குழியில் மில்லிலிட்டருக்கு ஐந்து லட்சம் என்ற கணக்குக்குக் கொண்டுவருகிறார்கள். தட்டு 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 20 மணி நேரம் இருக்கும். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் மருந்து குறைவாக உள்ள குழிகள் கலங்கியிருக்கும். ஓர் இடத்திலிருந்து தெளிவாகத் தொடங்கும். தெளிவாக இருக்கும் முதல் குழியின் மருந்தளவுதான் எம்.ஐ.சி.

செய்முறை எளிதுதான், தவறுவதும் எளிது. கிருமியை அதிகமாக ஊற்றிவிட்டால் எண் உயர்ந்துவிடும். வேறு கிருமி கலந்திருந்தால் யாருடைய எம்.ஐ.சி. என்றே தெரியாது. அதனால் மருந்தே இல்லாத ஒரு குழி கலங்க வேண்டும், கிருமியே இல்லாத ஒரு குழி தெளிவாக இருக்க வேண்டும். கூடவே, பதில் முன்பே தெரிந்த ஒரு கிருமியையும் சோதிக்க வேண்டும். உலகெங்கும் இதற்கு வைத்திருக்கும் ஈ.கோலை வகைக்கு சிப்ரோஃப்ளோக்சசின் எம்.ஐ.சி. 0.004-க்கும் 0.016-க்கும் இடையில் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தச் சோதனையில் நோயாளிக்கு வந்த எண்ணையும் நம்ப முடியாது. எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு குழி முன்பின் ஆவது இந்த முறையின் இயல்பு. 0.25 என்று வந்த கிருமி மறுமுறை 0.12 என்றோ 0.5 என்றோ வரலாம்.

இனி அந்த எண்ணை மறைத்ததன் விலையைப் பார்ப்போம். இந்தியாவில் டைபாய்டுக்கு சிப்ரோஃப்ளோக்சசின் பல்லாண்டுகள் முதல் மருந்தாக இருந்தது. மாறுதல் அடையாத டைபாய்டு கிருமிக்கு அதன் எம்.ஐ.சி. 0.03 அளவில் இருக்கும். நாளடைவில், மருந்து பற்றிக்கொள்ளும் நொதியின் மரபணுவில் ஒரே ஓர் இடம் மாறிய கிருமிகள் பரவின. அவற்றின் எம்.ஐ.சி. 0.12, 0.25, 0.5 என்று ஏறியது. அதாவது நான்கு முதல் பதினாறு மடங்கு வரை. ஆனால் அமெரிக்க ஆய்வகத் தரக் குழுவின் அன்றைய விதி 1 வரைக்கும் எஸ் என்றது. ஆகவே அறிக்கையில் எஸ் என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. மருத்துவர் சிப்ரோ எழுதினார், நோயாளி வேளை தவறாமல் விழுங்கினார், காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

1990-களில் வியட்நாமில் இதை எண்ணிப் பார்த்தார்கள். அதே குடும்பத்து மருந்தான ஓஃப்ளோக்சசின் கொடுத்தபோது, மாறாத கிருமி இருந்தவர்களைவிட மாறிய கிருமி இருந்தவர்களுக்குக் காய்ச்சல் இறங்க ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆனது. மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் சிகிச்சை தேவைப்பட்டது. அமெரிக்கக் குழு டைபாய்டுக்கான விதியைத் திருத்தியது 2012-ல்தான். 0.06 வரை எஸ், 0.12 முதல் 0.5 வரை ஐ, 1-ம் அதற்கு மேலும் ஆர் என்றானது. ஒரே கிருமி, ஒரே 0.25; 2011-ல் எஸ், 2012-ல் ஐ. ஐரோப்பியக் குழுவின் விதிப்படியோ 0.06-ஐத் தாண்டினாலே ஆர். எழுத்தை மட்டும் அச்சிட்ட அறிக்கைகளை இன்று யாராலும் திருப்பிப் படிக்க முடியாது. எண்ணும் இருந்திருந்தால், காய்ச்சல் இறங்காத ஐந்தாம் நாளில் கவனமுள்ள ஒரு மருத்துவர் ‘எஸ்தான், ஆனாலும் வழக்கமான டைபாய்டு கிருமிக்கு இருப்பதைவிட எட்டு மடங்கு அதிகமாக இருக்கிறதே’ என்று சந்தேகப்பட்டிருப்பார்.

எம்.ஐ.சி. மருந்தின் அளவையும் தீர்மானிக்கிறது. சிப்ரோ போன்ற மருந்துகளுக்கு, 24 மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் மொத்தக் கணக்கை எம்.ஐ.சி.யால் வகுத்துப் பார்ப்பார்கள். இவ்வகைக் கிருமிகளுக்கு அந்த ஈவு 125-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. பெரியவர் ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரு வேளை எடுத்தால் மொத்தக் கணக்கு சுமார் 27 வரும். எம்.ஐ.சி. 0.03 என்றால் ஈவு 900, கவலையே இல்லை. 0.25 என்றால் 108. இலக்குக்குச் சற்றுக் கீழே. 0.5 என்றால் 54, பாதிகூட இல்லை. பழைய விதி எஸ் என்று சொன்ன 1-க்கு வெறும் 27.

அப்படியானால் மாத்திரையைக் கூட்டலாமே என்று தோன்றும். 750 மில்லிகிராம் இரு வேளை என்றால் மொத்தம் சுமார் 31.6. எம்.ஐ.சி. 0.25-க்கு ஈவு 126-ஐ எட்டுகிறது, நூலிழையில். ஆனால் சோதனையில் ஒரு குழி முன்பின் ஆகலாம் என்று மேலே சொன்னோமே, அந்த 0.25 உண்மையில் 0.5 ஆக இருந்தால் ஈவு 63-தான். 0.5 என்று அறிக்கை வந்தவருக்கு அளவைக் கூட்டிப் பார்ப்பதில் பொருளில்லை, மருந்தையே மாற்ற வேண்டும். 0.12-ல் நிற்பவருக்கு அந்தக் கணக்கு வேறு. இருவருக்கும் அறிக்கை சொல்வது ‘ஐ’ என்ற ஒரே எழுத்து. இந்த முடிவை எடுக்க மருத்துவருக்கு எண் வேண்டாமா?

எல்லா மருந்துக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனம் போன்றவற்றில் உச்ச அளவைவிட, ரத்தத்தில் மருந்து எம்.ஐ.சி.க்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் எம்.ஐ.சி. உயர்ந்த கிருமிக்கு மெரோபெனத்தை அரை மணி நேரத்தில் ஏற்றாமல் மூன்று மணி நேரம் மெதுவாக ஏற்றுகிறார்கள். 2-ல் நிற்கும் கிருமியா, 8-ல் நிற்கும் கிருமியா என்று தெரியாமல் இதை முடிவு செய்வது இருட்டில் கை வீசுவதுதான்.

எண்ணை அச்சிடுவதற்கு நுண்ணுயிரியல் துறையிலேயே எதிர்ப்பு உண்டு. அது வெற்றுப் பிடிவாதம் அல்ல. எண்களைப் பார்த்ததும் சில மருத்துவர்கள் மிகச் சிறிய எண் உள்ள மருந்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கவலை. டைபாய்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஓர் அறிக்கையில் சிப்ரோ 0.5 என்றும் அசித்ரோமைசின் 8 என்றும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணை மட்டும் பார்ப்பவர் சிப்ரோவைத் தேர்ந்தெடுப்பார். அது தவறு. அசித்ரோமைசினுக்கு டைபாய்டில் 16 வரை எஸ். வாயால் 500 மில்லிகிராம் கொடுத்தால் ரத்தத்தில் அந்த மருந்து மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராம்கூட எட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் அது ரத்தத்தில் தங்குவதில்லை. வெள்ளணுக்களுக்குள் புகுந்து அங்கே பல மடங்கு சேர்கிறது. டைபாய்டு கிருமி ஒளிந்திருப்பதும் அதே வெள்ளணுக்களுக்குள்தான். தட்டின் குழிகளில் அந்தச் சேர்க்கை தெரியாது. ஒரு மருந்தின் எம்.ஐ.சி.யை அதே மருந்தின் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்த மருந்தின் எண்ணோடு அல்ல.

இந்த அபாயம் மெய்தான். ஆனால் அதற்குத் தீர்வு எண்ணை ஒளிப்பதல்ல. எல்லையையும் பக்கத்திலேயே அச்சிடுவது. ‘சிப்ரோ 0.5, எஸ் எல்லை 0.06’ என்றும் ‘அசித்ரோமைசின் 8; எஸ் எல்லை 16’ என்றும் ஒரே வரிசையில் இருந்தால் தடுமாற யாருக்கும் இடமில்லை. ரத்தச் சர்க்கரை அறிக்கையில் இயல்பு அளவைப் பக்கத்தில் போடாத ஆய்வகம் உண்டா? அங்கே எண்ணைத் தந்தால் மருத்துவர் குழம்பிவிடுவார் என்று யாரும் சொல்வதில்லை.

செலவைக் காட்டி மறுப்பவர்களுக்கும் பதில் உண்டு. எல்லா மாதிரிக்கும் 96 குழித் தட்டு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வட்டு வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளக்கும் முறையே பெரும்பாலும் போதும். டைபாய்டுக்கும் வட்டத் தலைமை மருத்துவமனையில் பெஃப்ளோக்சசின் வட்டு ஒன்றை வைத்தால், சிப்ரோ பயன்படாத பெரும்பாலான கிருமிகளைக் குறைந்த செலவில் அடையாளம் காணலாம். ஆனால் அசித்ரோமைசின் வளையத்தின் ஓரம் பெரும்பாலும் மங்கலாகவே விழும். அளப்பவரின் கண்ணைப் பொறுத்து எஸ், ஆர் மாறும். ரத்தத்தில் கிருமி வளர்ந்த நோயாளிகளுக்காவது, மருந்தின் அளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூடிக்கொண்டே போகும் பட்டையை வைத்து எம்.ஐ.சி.யைப் படிக்க வேண்டும். அல்லது மாதிரியை மாவட்டத் தலைநகர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

தானியங்கி இயந்திரம் வைத்திருக்கும் தனியார் ஆய்வகங்களுக்கு இந்தச் சாக்கும் இல்லை. இயந்திரம் எண்ணைக் கணித்துத்தான் எழுத்தைத் தருகிறது. அச்சிடும்போது அந்தக் கட்டத்தை வெட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதைவிடக் கவலை தருவது, இயந்திரத்தின் மென்பொருளில் ஏற்றிவைத்த விதிகள் தாமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பது. பழைய எல்லை உள்ளே இருந்தால், 0.25 உள்ள டைபாய்டு கிருமிக்கு இன்றும் எஸ் என்றே அச்சாகும். ஆய்வகங்களுக்கு உரிமமும் தரச்சான்றும் தருவோர் ஆய்வுக்குப் போகும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: சிப்ரோவுக்கும் டைபாய்டு கிருமிக்கும் அந்த இயந்திரம் வைத்திருக்கும் எல்லை எவ்வளவு? 1 என்று திரையில் தெரிந்தால், அதைத் திருத்தும்வரை அந்த ஆய்வகம் டைபாய்டு கல்ச்சர் அறிக்கை தருவதை நிறுத்த வேண்டும்; அது வரை அங்கிருந்து எஸ் என்று வாங்கிச் சென்றவர்களின் மருத்துவர்களுக்கும் தகவல் போக வேண்டும்.